வியாழன் பத்து மணிக்கு எல்லோரும் வர வேண்டும், எதற்கென்று மட்டும் சொல்ல முடியாது

வாசகர் கேள்வி

ஏறக்குறைய 200 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் மனிதவள மேலாளர். அடுத்த வியாழக்கிழமை எங்கள் நிர்வாக இயக்குநர் 14 துறைத் தலைவர்களையும் கூட்டி ஒரு முடிவை அறிவிக்கப் போகிறார். இரண்டு துறைகளை ஒன்றாக்குகிறார்கள். அதில் ஒரு தலைவரின் பதவி இல்லாமல் போகும். இப்போதைக்கு இது இயக்குநர், நிதி அதிகாரி, நான் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். அழைப்பை எழுத வேண்டியது நான். போன வருடம் ஒரு கூட்டத்துக்கு "அவசரம், ரகசியம்" என்று போட்டு அழைப்பு அனுப்பினேன். அன்று மாலைக்குள் நிறுவனத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. இரண்டு பேர் வேறு வேலை தேடவே ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையில் அது வெறும் பட்ஜெட் கூட்டம். இந்த முறை தேதியும் நேரமும் மட்டும் போட்டு அனுப்பிவிடலாமா? இல்லை, "காலாண்டு ஆய்வு" என்று வேறு பெயர் கொடுத்துவிடலாமா? "யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் உதவுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குறைவாகச் சொன்னால் குறைவாகப் பேசுவார்கள் என்ற எண்ணம்தான் மற்ற இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

1940களில் வதந்திகளை ஆராய்ந்த கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். ஒரு விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் அளவு என்றார்கள். கூட்டினால் அல்ல, பெருக்கினால். அதனால் இரண்டில் ஒன்று மிகச் சிறியதாக இருந்தாலே வதந்தி பெரிதாக வளராது. உங்கள் விஷயத்தில் முக்கியத்துவத்தைக் குறைக்க வழியில்லை. "கட்டாயம் வர வேண்டும்" என்று இயக்குநர் சொன்ன கணமே அது கூடிவிட்டது. உங்கள் கையில் இருப்பது தெளிவின்மை மட்டும்தான்.

வெறும் தேதியும் நேரமும் போட்டு அனுப்பினால் படிப்பவருக்கு எத்தனை கேள்விகள் எழும் என்று பாருங்கள். என்னை மட்டும் கூப்பிடுகிறார்களா, எல்லோரையுமா? எவ்வளவு நேரம்? ஏதாவது கணக்கு தயார் செய்ய வேண்டுமா? நான் லீவில் இருக்கிறேனே, வந்தே ஆக வேண்டுமா? விஷயம் என்ன என்பது இவற்றில் ஒரு கேள்விதான். அதை உங்களால் திறக்க முடியாது, சரி. மற்ற எல்லாவற்றையும் திறந்துவிடலாம். அவற்றையும் சேர்த்து மூடி வைத்தால், மூடியிருப்பது ஒன்றா ஐந்தா என்று படிப்பவருக்குத் தெரியாது. எல்லாமே பூதாகரமாகத் தெரியும்.

அழைப்பை எப்படி எழுதலாம்

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படி எழுதுவேன். தலைப்பு, "துறைத் தலைவர்கள் கூட்டம், வியாழன் காலை 10:00". கீழே:

"வணக்கம். வியாழக்கிழமை காலை 10:00 முதல் 11:15 வரை பெரிய கூட்ட அறையில் துறைத் தலைவர்கள் 14 பேரையும் சந்திக்க விரும்புகிறேன். அனைவரும் நேரில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப வேண்டாம். பேச வேண்டியதைக் கூட்டத்திலேயே சொல்கிறேன், முன்கூட்டி யாருக்கும் விவரம் அனுப்பப்படவில்லை. நீங்கள் எதையும் தயார் செய்து வர வேண்டியதில்லை. கேள்வி கேட்க நேரம் இருக்கும். அன்று வர முடியாத நிலை இருந்தால் செவ்வாய் மாலை 5 மணிக்குள் எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள்."

இதை இயக்குநர் தன் பெயரிலேயே அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் மனிதவளத் துறையிலிருந்து வரும் "கட்டாயக் கூட்டம்" என்றால் படிப்பவர் மனம் நேராக வேலைநீக்கத்துக்குத்தான் போகும். அது நம் துறைக்கு வாய்த்த பெயர், என்ன செய்வது! இயக்குநர் மற்ற கூட்டங்களுக்கு எப்படி எழுதுவாரோ அதே நடையில் இதுவும் இருக்கட்டும். எப்போதும் இரண்டு வரியில் முடிப்பவர் திடீரென்று ஒரு பக்கம் எழுதினாலும், எப்போதும் பெயர் சொல்லி அழைப்பவர் திடீரென்று "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினாலும் அதுவே ஒரு சேதி.

"கட்டாயம்" என்ற சொல் வரைவில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டாயம் இருக்கிறது, ஆனால் அது நடைமுறையாக இருக்கிறது. நேரில் வர வேண்டும், மாற்று ஆள் கூடாது, வர முடியாவிட்டால் இந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும். "தவறாமல் கலந்துகொள்ள வேண்டும், தவறினால் நடவடிக்கை" என்று எழுதினால் வருகிறவர்களின் எண்ணிக்கை கூடாது, அச்சம்தான் கூடும். "14 பேரும்" என்று எண்ணைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. தனக்கு மட்டும் வந்த அழைப்பா என்ற பயம் அந்த ஒரு எண்ணில் போய்விடும்.

"முன்கூட்டி யாருக்கும் விவரம் அனுப்பப்படவில்லை" என்ற வரியை உங்கள் இயக்குநர் எடுத்துவிடச் சொல்லக்கூடும். எடுக்க விடாதீர்கள். அலுவலகத்தில் மக்களை அதிகம் உறுத்துவது ரகசியம் இருப்பது அல்ல, பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது என்ற சந்தேகம்தான். ஆனால் அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதலாம். அனுப்புகிற நாளில் 14 பேரில் ஒருவருக்குக்கூட விவரம் போயிருக்கக் கூடாது.

வேறு பெயரும், ஆறுதல் வரியும்

"காலாண்டு ஆய்வு" என்று போட்டால் என்ன ஆகும்? 14 பேரும் கணக்குகளைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். அவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் இரவு உட்கார்ந்து அட்டவணை போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் உண்மை தெரியும். அப்புறம் நீங்கள் அனுப்பும் உண்மையான காலாண்டு ஆய்வு அழைப்பைக்கூட யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். விஷயத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, பொய்யான விஷயத்தைச் சொல்வதற்கு இல்லை. பதவி இழப்பவர் பின்னால் வழக்குப் போட்டால், அந்த அழைப்பு உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் தாளாகவும் ஆகலாம்.

"யாரும் கவலைப்பட வேண்டாம்" இன்னும் மோசம். கவலைப்பட ஏதோ இருக்கிறது என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. அதைவிட, ஒருவர் பதவி போகப்போகிறதே. அவர் அந்த வரியைக் கூட்டம் முடிந்த அன்று இரவு மறுபடி படிப்பார்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கூட்டத்தில் எல்லோரும் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்களே என்ற எரிச்சலில், "லேப்டாப்பை எடுத்து வர வேண்டாம்" என்று அழைப்பில் ஒரு வரி சேர்த்தேன். நாங்கள் உள்ளே இருக்கும்போது கணினி அனுமதியை முடக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அதற்குப் பொருள் எடுத்தார்கள். மூன்று பேர் தங்கள் சொந்தக் கோப்புகளை எல்லாம் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து, வழக்கத்தில் இல்லாத எந்தக் கட்டளையையும் இந்த மாதிரி அழைப்பில் நான் எழுதுவதில்லை.

அழைப்புக்கு வெளியே கசியும் இடங்கள்

உங்கள் வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாதிச் செய்தியைக் காலண்டர் சொல்லிவிடும். அழைப்பை அனுப்புவதற்கு முன், இந்த விஷயம் தெரியாத ஒரு சக ஊழியரின் கணக்கிலிருந்து உங்கள் காலண்டரும் இயக்குநரின் காலண்டரும் கூட்ட அறையின் பதிவும் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். நீங்கள் மூவரும் தயாரிப்புக்காக உட்கார்ந்த சந்திப்புகளுக்கு என்ன தலைப்பு போட்டிருக்கிறீர்கள்? "இணைப்பு வரைவு 2" என்று எங்காவது இருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டியதே இல்லை, முதலில் போய் அதை மாற்றுங்கள். Outlook காலண்டரில் `Private` என்று குறித்தால் தலைப்பு மறையும், ஆனால் அந்த நேரத்தில் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். வழக்கமாக எதையும் அப்படிக் குறிக்காதவர் ஒரே வாரத்தில் நான்கு சந்திப்புகளைக் குறித்தால் அது கண்ணில் படும். சாதாரணமான, உண்மையான தலைப்பு அதைவிடப் பாதுகாப்பு.

Google Calendar வழியாக அனுப்பினால் `Invite others` என்பதை எடுத்துவிடுங்கள், `See guest list` அப்படியே இருக்கட்டும். பட்டியலை மறைத்தால் வேறு யார் யாருக்கு வந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்குவார்கள், வதந்தி தொடங்கும் இடமே அதுதான். பட்டியலில் 14 பேரும் இயக்குநரும் மட்டும் இருக்கட்டும். நீங்களும் நிதி அதிகாரியும் வழக்கமாக அந்தக் கூட்டங்களில் இருப்பவர்கள் என்றால் சேருங்கள், இல்லையென்றால் அன்று காலையில் உள்ளே போய் உட்கார்ந்தால் போதும். வழக்கறிஞர் பெயரைப் பட்டியலில் பார்த்த பிறகு எந்த வாசகமும் உதவாது.

எப்போது அனுப்புவது? இதில் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒரு வாரம் முன்பே அனுப்பினால் ஒரு வாரம் பேசுவார்கள். முந்தின மாலை அனுப்பினால் அவசரம் என்பது பளிச்சென்று தெரியும், ஊரில் இல்லாதவர்கள் வரவும் முடியாது. யாரும் பயணம் செய்ய வேண்டியதில்லை என்றால் இரண்டு நாள் போதும். உங்களுக்கு அது செவ்வாய் காலை 10 மணி. வெளியூரில் கிளை இருந்தால் வேறு வழியில்லை, அதிக நாள் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் வாசகம் இதேதான், வராதவர் சொல்ல வேண்டிய நாள் மட்டும் மாறும். வெள்ளி மாலை மட்டும் அனுப்பாதீர்கள். வார இறுதி முழுவதும் கேட்க ஆள் இல்லாமல் யோசித்துக்கொண்டிருப்பார்கள். துறைத் தலைவர்களுக்கு ஏற்கனவே மாதக் கூட்டம் ஒன்று இருந்து, அது பக்கத்திலேயே வருகிறது என்றால் இந்த விஷயத்தை அதிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வதந்தியே இல்லாத அழைப்பு என்றால் அது ஏற்கனவே காலண்டரில் இருக்கும் அழைப்புதான்.

பதவி போகப்போகிறவர்

உங்கள் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் கடந்து போன மனிதரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தன் பதவி போவதை 13 சக தலைவர்கள் முன்னால் அவர் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. அப்படி நடந்தால் அன்றைய பேச்சு துறை இணைப்பைப் பற்றி இருக்காது, அவர் முகம் எப்படிப் போனது என்பதைப் பற்றித்தான் இருக்கும். மிச்சமுள்ள 13 பேரும் அடுத்த அழைப்பு வரும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வார்கள். இனி நீங்கள் அனுப்பும் எல்லா அழைப்பும் பயமுறுத்தும்.

அழைப்பு செவ்வாய் அன்று அவருக்கும் போக வேண்டும். 13 பேருக்கு மட்டும் அனுப்பினால் விடுபட்டவர் யார் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். புதன் மாலை 4 மணிக்கு இயக்குநர் அவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லட்டும், நீங்களும் உடன் இருங்கள். என்ன வேலை மாற்று உண்டு, இல்லையென்றால் எந்தத் தேதி வரை, என்ன தொகை, யார் அவருக்குத் தொடர்பு என்பது எழுத்தில் தயாராக இருக்கட்டும். அதற்குப் பிறகு, இணைந்த துறையை ஏற்கப்போகிற மற்ற தலைவருக்கும் சொல்லிவிடலாம். அந்த இரவில் விஷயம் வெளியே போகலாம் என்பது உண்மையான அபாயம்தான். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் கசியாது, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டில்கூடப் பேசியிருக்க மாட்டார். நான் ஓர் இரவு கசியும் அபாயத்தை ஏற்பேன். வியாழன் கூட்டத்துக்கு வருவதா, வராமல் இருப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். "அனைவரும் நேரில்" என்ற விதி அவருக்கு மட்டும் அப்போது தளரும்.

இதோடு ஒரு சட்ட விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் பதவியோடு நிற்காமல் கீழே பலருடைய வேலையையும் இந்த இணைப்பு தொடும் என்றால், முடிவு எடுக்கும் முன்பே ஊழியர் பிரதிநிதிகளோடு பேசியிருக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூட்டு வேலைநீக்கம் பற்றிய 1998ஆம் ஆண்டு நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் செவ்வாய்க்கு முன் கேட்டுவிடுங்கள். அதேபோல, இது துறைத் தலைவர்கள் கூட்டமாக இருப்பதால்தான் விஷயத்தை நிறுத்தி வைக்க முடிகிறது. இயக்குநர் குழு, சங்க நிர்வாகக் குழு போன்றவற்றின் விதிகளில் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டி அனுப்பப்பட வேண்டும் என்று இருந்தால், பொருளை மறைத்து அழைத்த கூட்டத்தில் எடுத்த முடிவே செல்லாமல் போகலாம்.

கேட்பவர்களிடம் என்ன சொல்வது

செவ்வாய் மதியத்துக்குள் யாராவது உங்கள் மேசைக்கு வருவார்கள். "எனக்கே தெரியாது" என்று சொல்லாதீர்கள், வியாழன் அன்று அது பொய் என்று தெரிந்துவிடும். "எனக்குத் தெரியும், ஆனால் கூட்டத்துக்கு முன்னால் யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வியாழன் 10 மணிக்கு இயக்குநரே சொல்வார்" என்று சொல்லுங்கள். மூன்று பேரும் இதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் சிரித்து மழுப்பி, ஒருவர் கண்டிப்பாக மறுத்து, ஒருவர் கையை விரித்தால் அதிலிருந்தே ஒரு கதை கட்டுவார்கள்.

கூட்டத்தை நடத்துபவர்கள் பெரும்பாலும் விழுவது வேறொரு குழியில். ஒருவர் வந்து "நிறுவனத்தை விற்கிறார்களா?" என்று கேட்கிறார். இல்லை என்பது உண்மை, சொல்வதும் எளிது, சொல்லிவிடுகிறீர்கள். அடுத்து "சம்பளக் குறைப்பா?" இல்லை. "துறைகளை மாற்றுகிறார்களா?" இப்போது நீங்கள் "என்னால் சொல்ல முடியாது" என்கிறீர்கள். சொல்லிவிட்டீர்கள்! முதல் கேள்விக்கே "எது சரி, எது தவறு என்று எதற்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை" என்று நின்றிருந்தால் மூன்றாவது கேள்வி வந்திருக்காது.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. போன வருடம் மாதிரி, பொய்யான ஒரு பேச்சு மக்களுக்கு நிஜமான கெடுதல் செய்யும் அளவுக்குப் பரவினால், ஊழியர்கள் வேலையை விட்டுப் போகத் தொடங்கினால், அதை மறுக்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் தனித்தனியாக மறுக்கக் கூடாது. இயக்குநர் எல்லோருக்கும் ஒரே வரியில் எழுதட்டும்: "நிறுவனம் விற்கப்படுகிறது என்று பேச்சு இருப்பதாக அறிகிறேன். அது உண்மையல்ல." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அந்த ஒரு மறுப்பால் மிச்சமுள்ள ஊகங்கள் கொஞ்சம் குறுகும் என்பது தெரிந்தே கொடுக்கும் விலை.

அடுத்தது, பலர் யோசிக்காமல் விடும் நேரம். 11:15க்குக் கதவு திறந்து 14 பேர் வெளியே வருவார்கள், 200 பேர் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு துறைகளின் ஊழியர்களுக்கும் 11:45க்கு அவரவர் தலைவர்கள் சொல்லிவிட்டு, 12:30க்கு இயக்குநரின் கடிதம் எல்லோருக்கும் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றை அச்சடித்துத் தலைவர்கள் கையில் கொடுங்கள், அதில் இன்னும் முடிவாகாதவை எவை என்பதும் இருக்கட்டும். பதவி இழப்பவர் வராமல் இருந்தால், அவருடைய துறைக்கு இயக்குநரே போய்ச் சொல்ல வேண்டும். "அடுத்த வாரம் எல்லோருக்கும் சொல்கிறோம், அதுவரை வெளியே பேசாதீர்கள்" என்று இயக்குநர் முடித்தால், செவ்வாய் முதல் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

கடைசியாக ஒன்று. ஏதோ காரணத்தால் கூட்டம் தள்ளிப்போனால் "மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது" என்று மட்டும் அனுப்பாதீர்கள். புதிய தேதியும் நேரமும் உறுதியான பிறகே, இரண்டையும் ஒரே செய்தியில், பழைய அழைப்பையே திருத்தி அனுப்புங்கள். பதவி இழப்பவருக்குப் புதன் மாலையே சொல்லியாகிவிட்டது என்றால் தள்ளிப்போடும் உரிமை உங்கள் இயக்குநருக்கு இனி இல்லை என்பதை மட்டும் அவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.